மூடிய வளைவரைக்குள் எத்தனை பூச்சியங்கள்? வீச்சுக் கோட்பாட்டைக் கொண்டு எண்ணும் முறை

ஒரு பல்லுறுப்புக் கோவையின் பூச்சியங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. குறிப்பிட்ட ஒரு பகுதிக்குள் எத்தனை இருக்கின்றன என்று மட்டும் தெரிந்துகொள்வது வேறு வேலை. பல சமயம் நமக்கு இரண்டாவதே போதும். உதாரணமாக, இந்த வகைக்கெழுச் சமன்பாட்டைப் பாருங்கள்:

x'''' + x''' + 5x'' + kx' + 4x = 0

இதன் தீர்வுகள் காலப்போக்கில் அடங்குமா, வெடித்துப் பெருகுமா என்பதைக் கீழே உள்ள கோவையின் பூச்சியங்கள் முடிவு செய்கின்றன:

p(z) = z⁴ + z³ + 5z² + kz + 4

கற்பனை அச்சுக்கு வலப்பக்கம் ஒரு பூச்சியம் இருந்தாலும் போதும், தீர்வு கட்டுக்கடங்காமல் வளரும். ஆகவே கேள்வி "பூச்சியங்கள் என்ன?" என்பதல்ல. "வலப்பக்கம் எத்தனை?" என்பதுதான். இந்தக் கட்டுரையில் k = 2, k = 5 என்ற இரண்டு மதிப்புகளுக்கும் அந்த எண்ணிக்கையைக் கையாலேயே எடுப்போம். மாறுவது ஒரே ஒரு கெழு. விடை தலைகீழாக மாறும். அது ஏன் மாறுகிறது என்பது கண்ணுக்குத் தெரிவதுதான் இந்த முறையின் அழகு என்று நான் நினைக்கிறேன்.

கலப்பெண்ணின் மட்டு, வீச்சு, மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி ஆகியவை தெரிந்திருந்தால் போதும். தொகையிடல் தேவையில்லை.

கோட்பாடு சொல்வது என்ன

z ஒரு மூடிய வளைவரையில் கடிகார எதிர்த்திசையில் ஒரு முழுச் சுற்று வரட்டும். அப்போது p(z) என்ற புள்ளியும் தன் தளத்தில் ஏதோ ஒரு மூடிய பாதையில் நகரும். அந்தப் பாதை ஆதிப்புள்ளியை எத்தனை முறை சுற்றுகிறதோ, அத்தனை பூச்சியங்கள் வளைவரைக்குள் இருக்கின்றன. வேறு விதமாகச் சொன்னால், சுற்று முடியும்போது p(z)-இன் வீச்சு மொத்தம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்து, அதை 360°-ஆல் வகுத்தால் எண்ணிக்கை கிடைக்கும். நிபந்தனை ஒன்றுதான்: வளைவரையின் மேலேயே பூச்சியம் எதுவும் இருக்கக் கூடாது.

இது ஏன் உண்மை என்பது எளிது. p(z)-ஐக் காரணிப்படுத்தினால் (z − z₁)(z − z₂)(z − z₃)(z − z₄) என்று வரும். பெருக்கும்போது வீச்சுகள் கூடும் என்பதால், ஒவ்வொரு காரணியின் வீச்சும் எவ்வளவு மாறுகிறது என்று தனித்தனியே பார்த்துக் கூட்டினால் போதும். z − z₁ என்பது z₁-இலிருந்து z-ஐ நோக்கிய அம்பு. கோயில் பிரகாரத்தை நீங்கள் சுற்றி வரும்போது, கருவறை அருகே நிற்கும் ஒருவர் உங்களை நோக்கி விரல் நீட்டிக்கொண்டே இருந்தால், அவர் ஒரு முழுச் சுற்று திரும்பியாக வேண்டும். மதிலுக்கு வெளியே நிற்பவர் இப்படியும் அப்படியும் திரும்பிவிட்டுக் கடைசியில் தொடங்கிய நிலைக்கே வந்துவிடுவார், அவர் கணக்கு 0. அதாவது உள்ளே இருக்கும் ஒவ்வொரு பூச்சியமும் 360° தருகிறது, வெளியே இருப்பவை எதுவும் தருவதில்லை.

இதிலிருந்தே இன்னொன்றும் தெரிகிறது. இரட்டைப் பூச்சியம் என்றால் ஒரே காரணி இரண்டு முறை வரும், ஆகவே அது இரண்டாக எண்ணப்படும். எண்ணிக்கை 2 என்று வந்தால் "இரண்டு வெவ்வேறு இடங்கள்" என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

முதலில் வளைவரையைத் தேர்ந்தெடுங்கள்

வலப்பக்க அரைத்தளம் முழுவதும் நமக்கு வேண்டும். ஆனால் கெழுக்கள் மெய்யெண்கள் என்பதால் பூச்சியங்கள் மெய் அச்சுக்கு மேலும் கீழும் இணை இணையாக வரும். மேலே உள்ளவற்றை எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். ஆகவே முதல் கால்பகுதியை மட்டும் சுற்றி வருவோம்: 0-இலிருந்து மெய் அச்சில் R வரை, அங்கிருந்து R ஆரமுள்ள வட்டத்தின் கால் வில்லில் iR வரை, பிறகு கற்பனை அச்சில் கீழிறங்கி 0 வரை.

R எவ்வளவு? எல்லாப் பூச்சியங்களும் அதற்குள் அடங்க வேண்டும். தலைக்கெழு 1 என்றால், மற்ற கெழுக்களின் மட்டுகளில் மிகப் பெரியதோடு 1-ஐக் கூட்டுங்கள், எந்தப் பூச்சியத்தின் மட்டும் அதைத் தாண்டாது. இது கோஷி தந்த வரம்பு. நமக்கு 1 + 5 = 6. நான் R = 10 என்று எடுத்துக்கொள்கிறேன், எண்கள் சுலபமாக வரும்.

மெய் அச்சு: வேலையே இல்லை

z = x, x ≥ 0 என்னும்போது எல்லா உறுப்புகளும் நேர்மம். p(x) எப்போதும் நேர்ம மெய்யெண். வீச்சு 0-ஆகவே இருக்கிறது, மாற்றமும் 0. மெய் அச்சின் இந்தத் துண்டில் பூச்சியம் இல்லை என்பதும் இதிலேயே உறுதியாகிவிட்டது.

வில்: தலை உறுப்புதான் ஆட்சி

வில்லில் |z| = 10. p(z)-ஐ இப்படி எழுதுங்கள்:

p(z) = z⁴ (1 + 1/z + 5/z² + k/z³ + 4/z⁴)

k = 5 என்றால் அடைப்புக்குள் 1-ஐத் தவிர மற்றவற்றின் மட்டுகளின் கூட்டல் 0.1 + 0.05 + 0.005 + 0.0004 = 0.1554-ஐத் தாண்டாது. ஆகவே அடைப்பு எப்போதும் 1-ஐச் சுற்றிய சிறு வட்டத்துக்குள்ளேயே இருக்கும். அதன் வீச்சு ஏறத்தாழ ±9°-க்குள் ஆடுமே தவிர ஆதிப்புள்ளியைச் சுற்ற வழியே இல்லை. z⁴-இன் வீச்சோ நான்கு மடங்கு 90°, அதாவது 360° ஏறுகிறது. ஆக வில்லில் மாற்றம் 360°-ஐ ஒட்டியது.

"ஒட்டியது" என்பதை இங்கேயே துல்லியமாக்கிவிடலாம். வில்லின் முடிவில் z = 10i. அங்கே p-இன் மதிப்பைக் கணக்கிட, கற்பனை அச்சில் கோவை எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்த படிக்கும் அதுதான் தேவை.

கற்பனை அச்சு: விடை இங்கேதான் இருக்கிறது

z = iy என்று இடுங்கள். z² = −y², z³ = −iy³, z⁴ = y⁴. மெய், கற்பனைப் பகுதிகளைப் பிரித்தால்:

மெய்ப்பகுதி: y⁴ − 5y² + 4 = (y² − 1)(y² − 4)
கற்பனைப்பகுதி: y(k − y²)

k கற்பனைப்பகுதியில் மட்டுமே வருகிறது என்பதைக் கவனியுங்கள். மெய்ப்பகுதி y = 1, y = 2 ஆகிய இடங்களில் பூச்சியமாகிறது. கற்பனைப்பகுதி y = 0, y = √k ஆகிய இடங்களில். இந்தப் புள்ளிகளில் மட்டுமே p(iy) ஓர் அச்சைத் தொடும். அவற்றுக்கு இடையே அது ஒரே கால்பகுதிக்குள் அடைபட்டுக் கிடக்கும், வேறெங்கும் போக முடியாது. அதனால்தான் ஒரு சில புள்ளிகளைப் பார்த்தே முழுப் பாதையின் சுற்றையும் உறுதியாகச் சொல்ல முடிகிறது. படத்தைத் துல்லியமாக வரையத் தேவையில்லை, அச்சுகளை எந்த வரிசையில், எந்தப் பக்கம் கடக்கிறோம் என்பது போதும்.

k = 2 முதலில். நாம் கீழிறங்கி வருகிறோம் என்பதால் y-ஐ 10-இலிருந்து 0 வரை எடுக்க வேண்டும்:

| y | மெய்ப்பகுதி | கற்பனைப்பகுதி | வீச்சு |
|---|---|---|---|
| 10 | 9504 | −980 | −5.89° |
| 2 | 0 | −4 | −90° |
| √2 | −2 | 0 | −180° |
| 1 | 0 | 1 | −270° |
| 0 | 4 | 0 | −360° |

நான்காம் கால்பகுதியில் தொடங்கி, கீழ் அச்சு, இட அச்சு, மேல் அச்சு, வல அச்சு என்று கடிகாரத் திசையில் ஒரு முழுச் சுற்று. மாற்றம் −354.11°. வில்லின் முடிவில் p-இன் வீச்சு 360° − 5.89° = 354.11° என்பதால் வில்லின் பங்கு +354.11°. மெய் அச்சின் பங்கு 0. கூட்டினால் 0. முதல் கால்பகுதியில் பூச்சியமே இல்லை. கற்பனை அச்சிலும் இல்லை, ஏனெனில் அட்டவணையில் எங்கும் இரண்டு பகுதிகளும் சேர்ந்து 0 ஆகவில்லை. நான்கும் இடப்பக்கம்தான், சமன்பாட்டின் தீர்வுகள் அடங்கிவிடும்.

இப்போது k = 5. கற்பனைப்பகுதி y(5 − y²), அது பூச்சியமாகும் இடம் √5 ≈ 2.236. முன்பு 1-க்கும் 2-க்கும் நடுவே இருந்த அந்தப் புள்ளி இப்போது 2-ஐத் தாண்டி வெளியே போய்விட்டது.

| y | மெய்ப்பகுதி | கற்பனைப்பகுதி | வீச்சு |
|---|---|---|---|
| 10 | 9504 | −950 | −5.71° |
| √5 | 4 | 0 | 0° |
| 2 | 0 | 2 | 90° |
| 1 | 0 | 4 | 90° |
| 0 | 4 | 0 | 0° |

பாதை வல அச்சைக் கடந்து மேலே ஏறுகிறது, மேல் அச்சைக் கடந்து இரண்டாம் கால்பகுதிக்குப் போகிறது, அதே மேல் அச்சின் வழியாகவே திரும்பி வந்துவிடுகிறது. ஆதிப்புள்ளியைச் சுற்றவே இல்லை. மாற்றம் +5.71°. வில்லின் பங்கு 354.29°. கூட்டினால் சரியாக 360°. முதல் கால்பகுதியில் ஒரு பூச்சியம், அதன் இணை நான்காம் கால்பகுதியில் ஒன்று. வலப்பக்கம் மொத்தம் இரண்டு. தீர்வுகள் ஊசலாடிக்கொண்டே பெருகும்.

புதிதாகக் கற்பவர்கள் தடுக்கி விழும் இடம் இந்த இரண்டாம் அட்டவணைதான். ஒவ்வொரு முறை அச்சைக் கடக்கும்போதும் "இன்னொரு 90°" என்று இயந்திரமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். y = 1-இல் மெய்ப்பகுதி மறுபடி 0 ஆனதைப் பார்த்து 180° என்று எழுதுவார்கள். கற்பனைப்பகுதி அங்கே நேர்மமா எதிர்மமா என்று பார்த்தால் இந்தப் பிழை வராது: நேர்மம் என்றால் மேல் அச்சு, அதாவது போன வழியே திரும்பியிருக்கிறோம். மொத்தத்தை 360°-ஆல் வகுக்கும்போது பின்னம் வந்தால், இந்தக் கடத்தல்களில் ஒன்றின் குறியைத் தவறவிட்டிருக்கிறீர்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

கட்டுப்பாட்டுப் பொறியியலில் p(iy)-இன் இந்தப் பாதைக்கு மிகைலோவ் வளைவரை என்று பெயர். 1938-இல் ஏ. வி. மிகைலோவ் இதை நிலைத்தன்மைச் சோதனையாக வைத்தார். மெய்ப்பகுதியின் பூச்சியங்களும் கற்பனைப்பகுதியின் பூச்சியங்களும் மாறி மாறி வந்தால் பாதை முழுச் சுற்றுச் சுற்றும், எல்லாப் பூச்சியங்களும் இடப்பக்கம் போய்விடும். k = 2-இல் 0, 1, √2, 2 என்று வரிசை மாறி மாறி வந்தது. k = 5-இல் 0, 1, 2, √5 என்று குலைந்தது.

வளைவரை மேலேயே பூச்சியம் விழுந்தால்

√k சரியாக 2-ஐத் தொடும் k = 4-ஐப் பாருங்கள். y = 2-இல் மெய்ப்பகுதி 0, கற்பனைப்பகுதியும் 0. p(z) = (z² + 4)(z² + z + 1) என்று பிரிகிறது, 2i நம் வளைவரையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பாதை ஆதிப்புள்ளியின் வழியாகவே போகிறது, அங்கே வீச்சு என்று ஒன்றே இல்லை. எத்தனை சுற்று என்ற கேள்விக்குப் பொருள் இல்லாமல் போகிறது. k = 1-இலும் இதே கதை, அங்கே z² + 1 காரணியாக வரும். இந்த இரண்டு மதிப்புகளும்தான் எல்லைகள்: k 1-க்கும் 4-க்கும் நடுவே இருந்தால் √k 1-க்கும் 2-க்கும் நடுவே இருக்கும், வரிசை குலையாது. ரூத் 1877-இல் தந்த சோதனையைப் போட்டாலும் k² − 5k + 4 < 0 என்ற இதே நிபந்தனைதான் வரும்.

இப்படி மாட்டிக்கொண்டால் வளைவரையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். கற்பனை அச்சுக்குப் பதிலாக மெய்ப்பகுதி 0.1 உள்ள நிலைக்குத்துக் கோட்டில் ஒரு முறையும் −0.1 உள்ள கோட்டில் ஒரு முறையும் எண்ணலாம். (நகர்த்தினால் கால்பகுதிச் சமச்சீர் எளிமை கொஞ்சம் குறையும், கணக்கைக் கணினியிடம் விடுவது நல்லது.) இரண்டு விடைகளின் வேறுபாடு, அந்தக் குறுகிய பட்டைக்குள் எத்தனை சிக்கியிருக்கின்றன என்று சொல்லும்.

கணினியில் செய்யும்போது

காரணிகள் அழகாகப் பிரியாத கோவைகளுக்குக் கை முறை அலுப்புத் தரும். வளைவரையில் புள்ளிகளை நெருக்கமாக வைத்து, அடுத்தடுத்த இரண்டு p மதிப்புகளின் விகிதத்தின் வீச்சைக் கூட்டிக்கொண்டே போவது எளிய வழி:

```python
import numpy as np

def count(coef, z):
    w = np.polyval(coef, z)
    step = np.angle(np.roll(w, -1) / w)
    return step.sum()/(2*np.pi), abs(step).max(), abs(w).min()

def quarter(R, n):
    t = np.linspace(0, 1, n)
    return np.concatenate([R*t, R*np.exp(0.5j*np.pi*t), 1j*R*(1-t)])

print(count([1, 1, 5, 5, 4], quarter(10, 2000)))
```

வீச்சுகளை நேரடியாக எடுத்துக் கழிக்காமல் விகிதத்தின் வீச்சை எடுப்பதற்குக் காரணம் உண்டு. `np.angle` −180°-க்கும் 180°-க்கும் நடுவே மட்டுமே விடை தரும். பாதை இட அச்சைக் கடக்கும்போது அது 360° தாவும், கூட்டல் கெட்டுவிடும். விகிதத்தை எடுத்தால் ஒவ்வொரு படியும் சிறிய கோணம், அந்தத் தாவல் வராது.

ஆனால் இந்த நிரலில் ஒரு பொறி இருக்கிறது. பாதை மூடியது என்பதால் எல்லா விகிதங்களையும் பெருக்கினால் எப்போதும் 1. அதாவது கூட்டலின் விடை எப்போதுமே முழு எண்ணாகத்தான் வரும், தவறாக இருந்தாலும்கூட. k = 2-ஐ எடுத்து `quarter(10, 4)` என்று மிகக் குறைவான புள்ளிகளோடு ஓட்டிப் பாருங்கள். விடை 1 என்று பளிச்சென்று வரும். உண்மை விடை 0. காரணம், கற்பனை அச்சில் 3.33i-இலிருந்து நேராக 0-க்குத் தாவியதில் y = 2, √2, 1 ஆகிய மூன்று கடத்தல்களையும் நிரல் பார்க்கவே இல்லை. −22.9°-இலிருந்து −360° வரை போன பாதையை அது −22.9°-இலிருந்து 0° வரை வந்ததாக எடுத்துக்கொண்டது.

அதனால்தான் நிரல் இன்னும் இரண்டு எண்களைத் திருப்பித் தருகிறது. இரண்டாவது, ஒரே படியில் நேர்ந்த மிகப் பெரிய கோண மாற்றம், ரேடியனில். நாலு புள்ளிகளோடு அது 2.12 வரும், நம்ப முடியாத அளவு. 2000 புள்ளிகளோடு k = 2, k = 5 இரண்டிலும் 0.05-ஐத் தாண்டாது. நான் வைத்துக்கொள்ளும் விதி: இது 1-க்குக் கீழே இருக்க வேண்டும், புள்ளிகளை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழப் பாதியாகவும் வேண்டும். பாதியாகாமல் 3.14-ஐ ஒட்டியே நின்றால் பூச்சியம் வளைவரை மேலேயோ மிக அருகிலோ இருக்கிறது. k = 4-ஐ ஓட்டினால் இது தெரியும்: முதல் எண் ஏதோ ஒரு முழு எண்ணாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டாவது எண் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது எண் |p|-இன் மிகச் சிறிய மதிப்பு. k = 2-க்கு அது சுமார் 0.98, k = 5-க்கு சுமார் 1.75. அது 0-ஐ நெருங்கினால் ஜாக்கிரதை. ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்: மேலே நாலு புள்ளிகளோடு ஓட்டியபோது அது 4 என்று ஆரோக்கியமாகவே காட்டும், ஏனெனில் |p| குறையும் இடங்களை நிரல் எட்டிப் பார்க்கவே இல்லை.

p'(z)/p(z)-ஐ வளைவரையில் தொகையிட்டு 2πi-ஆல் வகுப்பது இதே கோட்பாட்டின் இன்னொரு வடிவம். புள்ளிகள் போதாவிட்டால் அதில் பெரும்பாலும் 0.7, 1.3 என்று பின்னம் வரும், தவறு தானாகவே வெளியே தெரியும். வகைக்கெழுவும் வேண்டும் என்பதுதான் கூடுதல் வேலை. பல்லுறுப்புக் கோவைக்கு அது சிரமமில்லை, ஆகவே முக்கியமான கணக்கென்றால் இரண்டு வழியிலும் பாருங்கள். p-க்குப் பதில் பல்லுறுப்புக் கோவைகளின் விகிதம் ஒன்றை இட்டால் மட்டும் கவனம்: வகுக்கும் கோவை பூச்சியமாகும் இடங்கள் எண்ணிக்கையிலிருந்து கழியும், வரும் விடை இரண்டின் வேறுபாடு.

எண்ணிக்கையிலிருந்து இடத்துக்கும் போகலாம். `count`-க்கு எந்த மூடிய வளைவரையின் புள்ளிகளையும் கடிகார எதிர்த்திசையில் கொடுக்கலாம் (திசை மாறினால் விடை எதிர்மக் குறியோடு வரும்). k = 5-க்கு முதல் கால்பகுதியில் ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. 1.5i, 1 + 1.5i, 1 + 2.5i, 2.5i ஆகியவற்றை முனைகளாகக் கொண்ட சதுரத்தைச் சுற்றினாலும் 1 வரும். அதை இரண்டாக வெட்டி எந்தப் பாதியில் 1 வருகிறது என்று பார்த்து, மறுபடி வெட்டிக்கொண்டே போங்கள். பெட்டி போதிய அளவு சிறிதானதும் அதன் நடுப்புள்ளியிலிருந்து நியூட்டன் முறையைத் தொடங்கினால் 0.101 + 2.075i கிடைக்கும்.